‘ஓம் அக்கா’ என்று சொல்வதற்கு முன்

அந்த மெசேஜ் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வந்தது. நாங்கள் மூன்று பேரும் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். “பிள்ளையள், இன்னும் ஆறு ரெக்கோர்டிங் வந்திருக்கு. அடுத்த வெள்ளிக்குள்ள தருவியள்தானே?”

கையில் ஏற்கனவே ஐந்து ஒலிப்பதிவுகள் தொடாமல் கிடந்தன. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “ஓம் அக்கா” என்று எழுதி அனுப்பிவிட்டோம். அந்த இரண்டு சொல்லை எழுத எடுத்த நேரத்தைவிட, அதைச் சரிக்கட்ட எடுத்த நேரம் கனக்க.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். கம்பஸுக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்துக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிக்கொடுக்கிற வேலை செய்கிறோம். கிராமங்களில் நுண்கடன் எடுத்த பெண்களோடு நடத்திய நேர்காணல்கள் அவை. அலுவலகத்தில் எங்களுக்கு மேலே இருக்கிறவர் திட்ட இணைப்பாளர். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மேலே கொழும்பில் ஒரு தலைமை அலுவலகம் இருக்கிறது. நாங்கள் எழுதிக் கொடுக்கிறதை வைத்துத்தான் அக்கா அங்கே அறிக்கை அனுப்புவார்.

கேட்டு எழுதுவது சும்மா வேலை என்று நாங்களும் முதலில் நினைத்தோம். ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு மணித்தியாலம் போகும் என்று. உண்மை வேறு. ஒருவர் மட்டும் தெளிவாகக் கதைக்கிற பதிவு என்றாலே பழகின கைக்கு நாலு மணித்தியாலம் போகும். எங்களுக்கு நாலரை. பின்னுக்குக் கோழி கத்தும், பிள்ளை அழும், மின்விசிறி இரையும். ஒரு வசனத்தை நாலு தரம் பின்னுக்கு இழுத்துக் கேட்கவேணும். எழுதி முடித்த பிறகு, திரும்பவும் முதலில் இருந்து ஓடவிட்டு, எழுதினதோடு ஒத்துப்பார்க்க இன்னும் ஒன்றரை மணித்தியாலம். மொத்தம் ஆறு. இதற்கு இடையில் காதும் களைக்கும். தொடர்ந்து மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு மேல் கேட்டால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது.

இந்தக் கணக்கு அந்த வியாழக்கிழமை எங்களிடம் இருக்கவில்லை. இருந்திருந்தால் இப்படிப் பார்த்திருப்போம். ஒருத்தருக்கு கிழமை நாட்களில் நாலு பின்னேரம், மூன்று மணித்தியாலப்படி. சனிக்கிழமை ஐந்து மணித்தியாலம். அது 17. மூன்று பேருக்கும் 51. பதினொரு நேர்காணலுக்கு ஆறாறு மணித்தியாலம் என்றால் 66. பதினைந்து மணித்தியாலம் எங்கேயும் இல்லை.

இல்லாத பதினைந்து மணித்தியாலத்தை நாங்கள் எங்கே இருந்து எடுத்தோம் என்று பிறகுதான் விளங்கியது. சரிபார்க்கிறதில் இருந்து. யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. புதன்கிழமை இரவு ஒருத்தி “இது தெளிவான ரெக்கோர்டிங்தானே, ஒத்துப்பாக்காமல் விடுவம்” என்றாள். வியாழக்கிழமை மற்ற இரண்டு பேரும் கேட்காமலே விட்டோம். வெள்ளிக்கிழமை பதினொன்றும் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. “கெட்டிக்காரர்” என்று பதில் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து அக்கா எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் எங்கள் எழுத்துப்படி ஒன்று கிடந்தது. ஒரு வரிக்குக் கீழே சிவப்பில் கோடு. “ரெண்டு மாசம் கட்டினது” என்று நாங்கள் எழுதியிருந்தோம். அக்கா ஒலிப்பதிவை ஓடவிட்டார். மின்விசிறிச் சத்தத்துக்குள்ளால் அந்த அம்மா சொல்லுகிறார்: “ரெண்டு மாசம் கட்டேல்லை.”

தவணை கட்டாத இரண்டு மாதத்தில் என்ன நடந்தது, யார் வீட்டு வாசலில் வந்து நின்றது என்பதுதான் அந்த நேர்காணலின் மிச்சம் முழுக்க. எங்கள் வரியை வைத்துப் பார்த்தால் அவர் ஒழுங்காகக் காசு கட்டியும் ஏதோ காரணமில்லாமல் குறை சொல்லுகிற மாதிரி இருந்தது. அந்த வரி இடைக்கால அறிக்கையில் மேற்கோளாகவும் போய்விட்டது. கொழும்பில் ஒருவர் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே என்று கேட்ட பிறகுதான் பிழை பிடிபட்டது.

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று பிறகு கதைத்துக்கொண்டோம். அவர் சொன்னது இதுதான்: “நீங்கள் ஏலாதெண்டு சொல்லியிருந்தால் நான் திகதியை மாத்திக் கேட்டிருப்பன். நீங்கள் ஓம் எண்டு சொன்னபடியால்தான் நான் அங்க ஓம் எண்டு சொன்னனான்.”

எங்களுக்கு உறைத்தது அந்த இரண்டாவது வசனம். நாங்கள் எங்கள் ‘ஓம்’ ஒரு மரியாதை என்று நினைத்திருந்தோம். பெரியவர் கேட்கிறார், மறுக்கக்கூடாது, மறுத்தால் அடுத்த முறை வேலை வராது. அதோடு எங்களுக்குக் காசு ஒலிப்பதிவின் நிமிடக் கணக்குக்கு. கூட எடுத்தால் கூடக் காசு. ஆனால் அக்காவுக்கு எங்கள் ‘ஓம்’ ஒரு தகவல். அதன்மேல்தான் அவர் தன்னுடைய திகதியை வைத்தார். தகவல் பிழை என்றால் அதன்மேல் வைத்த எல்லாம் சரியும்.

அன்றைக்கு இரவு நாங்கள் செய்த முதல் வேலை, ஒரு கொப்பித் தாளில் எங்களிடம் உண்மையாக எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எழுதினது. 51 என்று வந்தது. அதில் ஆறைக் கழித்தோம். கரண்ட் போகும், ஒருத்திக்கு அசைன்மென்ட் வரும், ஒரு பதிவு நினைத்ததைவிட மோசமாக இருக்கும். இப்படி ஏதோ ஒன்று ஒவ்வொரு கிழமையும் நடக்கிறது. நடக்கும் என்று தெரிந்த ஒன்றுக்கு நேரம் வைக்காமல் விடுவது எங்களை நாங்களே ஏமாற்றுவது. மிச்சம் 45. அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டினோம். கீழே, கையில் உள்ள பதிவுகள் ஒவ்வொன்றும், அதற்குத் தேவையான மணித்தியாலமும், கொடுக்கவேண்டிய திகதியும். வேறொன்றும் இல்லை.

இரண்டாவது முறை வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. “பிள்ளையள், அவசரம். ரெண்டு குழுக் கலந்துரையாடல் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள வேணும். ஞாயிறு இருந்து நான் அறிக்கை எழுதோணும்.”

இந்த முறை ‘ஓம்’ என்றும் எழுதவில்லை, ‘ஏலாது’ என்றும் எழுதவில்லை. “அக்கா, கேட்டுப் பாத்திட்டு இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ள சொல்லுறம்” என்று எழுதினோம். நேரம் போட்டு எழுதினது முக்கியம். ‘பிறகு சொல்லுறம்’ என்றால் அக்கா அதை ‘ஓம்’ என்று எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பிறகு இரண்டு பதிவையும் திறந்தோம். ஒன்று 80 நிமிடம், மற்றது 70. ஒவ்வொன்றிலும் நடுவில் இருந்து ஐந்து நிமிடத்தை எடுத்து, நேரம் பார்த்துக்கொண்டு எழுதிப் பார்த்தோம். ஏன் நடுவில்? தொடக்கத்தில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பெயரும் ஊரும் சொல்லுவார்கள். அது தெளிவாக இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் பிழைக்கும். நடுவில்தான் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். யார் சொன்னது என்று குரலை வைத்துப் பிரிக்கவேணும். அந்த ஐந்து நிமிடத்துக்கு எங்களுக்கு 45 நிமிடம் போனது. அதாவது ஒரு நிமிடத்துக்கு ஒன்பது நிமிடம். இரண்டு பதிவிலும் கிட்டத்தட்ட அதே அளவு.

முதல் பதிவை எழுத 12 மணித்தியாலம். எங்கள் பழைய பிழைக்குப் பிறகு குழுப் பதிவுகளைச் சரிபார்க்க, பதிவின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் வைப்போம். அதோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 15. இரண்டாவதற்கு அதே மாதிரி 13. மொத்தம் 28. கிழமைக்கு எங்களிடம் இருப்பது 45. அதில் போன கிழமை அக்கா தந்த ஐந்து நேர்காணலுக்கு 30 போகும். மிச்சம் 15. பதின்மூன்று மணித்தியாலம் குறைகிறது.

இந்த இடத்தில் நாங்கள் சண்டை பிடித்தோம். எங்களில் ஒருத்தன், “பதின்மூண்டுதானே, ஒருத்தருக்கு நாலரை மணித்தியாலம். ரெண்டு இரவு முழிச்சால் சரி. முயற்சி செய்து பாக்கிறம் எண்டு சொல்லுவம்” என்றான். அவனுக்கு அந்த மாதம் போர்டிங் காசு கட்டவேண்டியிருந்தது. எங்களுக்கு அது தெரியும். ஆனால் ‘முயற்சி செய்து பாக்கிறம்’ என்பதுதான் ஆகவும் ஆபத்தான பதில் என்று மற்ற இரண்டு பேருக்கும் பட்டது. எங்கள் ஊரில் ‘பாப்பம்’ என்று சொல்கிறவர் அதை மெல்லிய மறுப்பாகச் சொல்லுவார். கேட்கிறவர், தனக்கு அவசரம் இருந்தால், அதை மெல்லிய சம்மதமாக எடுப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்த பிறகு ஒருவர் கையில் ஒன்றும் இருக்காது.

கடைசியில் அவன் ஒத்துக்கொண்டான். ஒரு நிபந்தனையோடு: மறுக்கிற மாதிரி எழுதக்கூடாது, அக்காவுக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்றும் எழுதவேணும். நல்ல நிபந்தனை. எதைத் தள்ளிவைக்கலாம் என்று தீர்மானிக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. எது அவசரம் என்று அக்காவுக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு நேரம் போகும் என்பது மட்டும். ஆகவே நேரத்தை நாங்கள் சொல்லுவோம், தெரிவை அவர் செய்யட்டும் என்று முடிவெடுத்தோம். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க இதை அனுப்பினோம்:

“அக்கா, ரெண்டு குழுக் கலந்துரையாடலும் கொஞ்சம் எழுதிப் பாத்திட்டம். ரெண்டும் சேத்து 28 மணித்தியால வேலை. இந்தக் கிழமை எங்களிட்ட 45 மணித்தியாலம் இருக்கு. அதில 30 போன கிழமை தந்த அஞ்சு நேர்காணலுக்கு. மிச்சம் 15. எல்லாத்தையும் சனிக்கிழமைக்குள்ள எடுத்தால் திரும்பவும் சரிபாக்காமல்தான் தரவேண்டி வரும். அது வேண்டாம் எண்டு நினைக்கிறம். மூண்டு வழி இருக்கு. ஒண்டு, 80 நிமிசப் பதிவு சனிக்கிழமை முழுசா, மற்றது அடுத்த புதன். ரெண்டு, ரெண்டு கலந்துரையாடலும் சனிக்கிழமை, ஆனால் அஞ்சு நேர்காணலில ரெண்டு அடுத்த கிழமைக்குப் போகும். மூண்டு, முதலாவது முழுசா, ரெண்டாவதுக்கு எந்த நிமிசத்தில என்ன கதைச்சவை எண்டு குறிப்பு மட்டும், சொல்லுக்குச் சொல் இல்லை. அதுக்கு 4 மணித்தியாலம், ஆனால் கரண்ட் போனால் எண்டு நாங்கள் தனியா வைச்சிருக்கிற நேரத்தில இருந்துதான் அதை எடுக்கோணும். எது உங்களுக்குச் சரி எண்டு சொல்லுங்கோ. அதின்படி இண்டைக்கே தொடங்கிறம்.”

அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தோம். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. அதற்கு முன்பே ஒன்று பேசி வைத்திருந்தோம்: கதைப்பது ஒருத்தி மட்டும், மற்ற இரண்டு பேரும் கேட்பது. மூன்று பேர் கதைத்தால் எங்களில் யாரோ ஒருவர் இளகுவோம். ஒருவர் இளகினால் மூன்று பேரும் ஒத்துக்கொண்ட மாதிரித்தான்.

அக்காவின் குரல் சந்தோசமாக இல்லை. “ஒரு கிழமையில ரெண்டு ரெக்கோர்டிங் செய்ய ஏலாதோ?” கதைத்தவள் மெல்லச் சொன்னாள்: “ரெண்டு இல்லை அக்கா, ஏழு. அஞ்சு ஏற்கனவே இருக்கு.” மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அந்த ஐந்தையும் அக்கா மறந்திருந்தார். மறந்தது அவருடைய பிழை இல்லை. எங்களைப்போல இன்னும் கனபேருக்கு அவர் வேலை கொடுக்கிறார். எங்கள் கையில் என்ன கிடக்கிறது என்று எங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

“அப்ப உங்கட பட்சில இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்தால் என்ன?” என்று அடுத்ததாகக் கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பெண்கள் ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கொடுத்தது, குறிப்பிட்ட சிலர்தான் கேட்பார்கள் என்று சொன்ன பிறகு. புதிதாக யாரையும் சேர்ப்பதென்றால் அந்தப் படிவத்தில் தொடங்கவேணும். அது ஒரு பக்கம் இருக்க, ஊர்ப் பெயர்களை எப்படி மறைப்பது, ஆட்களுக்கு எப்படி இலக்கம் போடுவது, கேட்காத இடத்தை எப்படிக் குறிப்பது என்று பழக்க எங்களுக்கே இரண்டு பின்னேரம் போகும். அவர்கள் எழுதும் முதல் பதிவை நாங்கள் முழுதாக ஒத்துப்பார்க்கவும் வேணும். அதாவது இந்தக் கிழமை எங்களுக்கு நேரம் குறையும், கூடாது.

இதைக் கணினி விஞ்ஞானம் படிக்கிற ஒரு சிநேகிதனுக்குப் பிறகு சொன்னபோது அவன் சிரித்தான். ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் என்பவர் 1975 இல் எழுதிய புத்தகத்திலேயே இது இருக்கிறதாம்: பிந்திப்போன வேலைக்கு ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும். புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரம், ஏற்கனவே வேலை செய்கிறவரிடம் இருந்துதான் போகிறது. அன்றைக்கு எங்களுக்குப் புரூக்ஸைத் தெரியாது. “இந்தக் கிழமைக்கு அது உதவாது அக்கா, அடுத்த மாசத்துக்கு வேணுமெண்டால் இப்பவே பழக்கத் தொடங்கலாம்” என்றுதான் சொன்னோம்.

கடைசியில் அக்கா கேட்டார், “எந்த அஞ்சு நேர்காணல் உங்களிட்ட இருக்கு?” இலக்கங்களை வாசித்தோம். “அதில கடைசி ரெண்டும் எனக்கு இந்த மாசமே தேவையில்லை. அடுத்த அறிக்கைக்குத்தான். ரெண்டாவது வழியைச் செய்யுங்கோ.”

நாங்கள் அந்த இரண்டையும் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவேணும் என்று நினைத்து, ஒன்றில் கைவைத்தும் இருந்தோம். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நாங்களும் எது முதலில் வேணும் என்று ஒருநாளும் கேட்டதில்லைத்தானே.

கணக்குப்படி இந்த வழியிலும் ஒரு மணித்தியாலம் கூடுதல். 28உம் மூன்று நேர்காணலுக்கு 18உம் 46. அந்த ஒன்றைத் தனியாக வைத்த ஆறில் இருந்து எடுக்கலாம் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டோம். புதன்கிழமை இரவு கேட்காமலே ஒரு மெசேஜ் போட்டோம்: முதலாவது பதிவு முடிந்தது, சரிபார்த்தாயிற்று, இத்தோடு அனுப்புகிறோம், இரண்டாவது 25 நிமிடம் வரைக்கும் வந்திருக்கிறது. சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் அதைக் கொடுத்ததால் அக்கா வியாழக்கிழமையே அறிக்கையின் ஒரு பகுதியைத் தொடங்கினார். நேரம் இல்லை என்று சொன்ன பிறகு, உள்ள நேரத்துக்குள் அவருக்கு எது உதவும் என்று பார்த்துச் செய்ய முடிந்தது இது. எங்களுக்கு ஒரு நிமிடமும் கூடப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மழைக்கு மூன்று மணித்தியாலம் கரண்ட் போனது. தனியாக வைத்த நேரம் அதைத் தாங்கியது. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு இரண்டாவது பதிவும் போனது. அதில் மூன்று இடத்தில் எவ்வளவு இழுத்துக் கேட்டும் விளங்கவில்லை. ஊகித்து எழுதாமல், கேட்கவில்லை என்று நிமிடத்தோடு குறித்துவிட்டோம். அக்கா அந்த மூன்று இடத்தையும் தானே கேட்டுப் பார்த்து, இரண்டைக் கண்டுபிடித்தார். கலந்துரையாடல் நடந்தபோது அங்கே இருந்தவர் அவர்.

எல்லா முறையும் இப்படி முடிகிறதில்லை. பரீட்சைக்கு முதல் மாதம் ஒரு முறை, நாங்கள் கொடுத்த எல்லா வழியையும் அக்கா மறுத்துவிட்டார். கொழும்பில் திகதி மாறாது, எல்லாம் வேணும், வேறு ஆளில்லை. அது அவருடைய தீர்மானம். அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஒன்று மட்டும் கேட்டோம்: சரிபார்க்காத எழுத்துப்படி ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று போடுவோம், அதில் இருந்து மேற்கோள் எடுப்பதென்றால் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு எடுங்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த நாலு பிரதியில் இருந்தும் அறிக்கைக்கு ஒரு மேற்கோளும் எடுக்கவில்லை. முதல் முறை நாங்கள் செய்த பிழை, வேலையின் தரத்தைக் குறைத்தது மட்டுமில்லை. குறைத்ததைச் சொல்லாமல் விட்டதும்தான்.

இன்னொன்றையும் பழகவேண்டியிருந்தது. 45 என்ற எண் எங்களுக்கு வசதியான ஒளிப்பிடமாக மாறப் பார்த்தது. ஒரு கிழமை லெக்சர் இரண்டு நடக்கவில்லை. நேரம் மிஞ்சியது. அக்கா கேட்டபோது ‘நிறைஞ்சிட்டுது’ என்று சொல்ல எங்களில் ஒருத்தி தொடங்கினாள். சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பிறகு உண்மையாகவே நிறைந்த கிழமையில் நாங்கள் சொல்வதை நாங்களே நம்பியிருக்க மாட்டோம். “இந்தக் கிழமை பத்து மணித்தியாலம் கூட இருக்கு அக்கா” என்று எழுதினோம். அன்றைக்கு ஒரு நேர்காணல் கூடக் கிடைத்தது. போர்டிங் காசுக்காரனுக்கு நல்ல நிம்மதி.

இப்போது அக்காவின் மெசேஜ் வேறு மாதிரித் தொடங்குகிறது: “எத்தினை மணித்தியாலம் இருக்கு?” அதற்குப் பிறகுதான் பதிவுகள் வரும். நாங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவரே மாறிக்கொண்டார்.

அந்த அம்மாவின் வரியை நாங்கள் திருத்திக் கொடுத்தோம். இறுதி அறிக்கையில் அது சரியாக வந்திருக்கிறது: “ரெண்டு மாசம் கட்டேல்லை.” அவருக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கும் அவருடைய முகம் தெரியாது, குரல் மட்டும்தான். புதிதாக ஒரு பதிவை எடுக்கலாமா என்று மூன்று பேரும் தாளைப் பார்க்கும்போது, அந்தக் குரலைச் சரியாகக் கேட்க எங்களிடம் நேரம் இருக்கிறதா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறோம்.